பின் ஜோடியில் ஒரு டயர் போனால் எதைப் போடுவது? நான்கு வழிகளும் அவற்றின் உண்மையான செலவும்

சீனக்குடாவிலிருந்து சீமெந்தும் மாவும் ஏற்றும் லொறிக்காரரும் கிண்ணியாவில் மணல் ஏற்றும் டிப்பர்காரரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். பின் ஜோடியில் ஒரு டயர் வெட்டுப்பட்டோ வெடித்தோ போய்விட்டது. பக்கத்து டயர் பாதி தேய்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஓடும். இப்போது ஒரு புதிய டயர் வாங்குவதா, இரண்டாக வாங்குவதா, பழையதில் ஒன்று தேடுவதா, அல்லது லொறியில் உள்ள டயர்களையே இடம் மாற்றிச் சமாளிப்பதா?

பெரும்பாலானோர் கையில் உள்ள காசைப் பார்த்து ஒரு புதிய டயரை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஹப்பில் சேர்த்து முடுக்கிய இரண்டு டயர்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஒரே உயரத்தில்தான் அச்சைத் தாங்கும். அவற்றில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் பெரியது பாரத்தைச் சுமக்கும், சிறியது தெருவில் உரசும். டயர் கடைச் சிட்டையில் வராத செலவு அங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

ஓர் உதாரண லொறியை எடுத்துக்கொள்வோம். ஆறு சில்லு, 10.00R20 ரேடியல், 16 பிளை டயர். இந்த டயரின் பக்கச்சுவரில் பொதுவாக இரண்டு எடைகள் இருக்கும்: தனியாக ஓடினால் 3,000 கிலோ, ஜோடியாக ஓடினால் 2,725 கிலோ. இரண்டுக்கும் காற்று சுமார் 120 பிஎஸ்ஐ. ஜோடியில் ஏன் குறைத்திருக்கிறார்கள்? எவ்வளவு பார்த்துப் போட்டாலும் இரண்டு டயரும் பாரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை என்பது டயர் செய்பவர்களுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் 275 கிலோவை முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறார்கள்.

பின் அச்சில் 10,000 கிலோ இருந்தால் டயர் ஒன்றுக்கு 2,500 வரும். எல்லைக்கு இன்னும் 225 கிலோதான் மிச்சம். ஜோடி பொருந்துகிறதா இல்லையா என்பது இந்த 225 கிலோவுக்குள் தீர்மானமாகிவிடும்.

முதல் அளவுகோல் உயரம். இந்த அளவு டயர் நல்ல காற்றோடு 2,500 கிலோவைத் தாங்கும்போது 30 மில்லிமீற்றர் போல அமுங்கும். அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுங்க ஏறத்தாழ 80 கிலோ வேண்டும். டயருக்கு டயர் இது கொஞ்சம் மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும். ஒரு டயரின் ஆரம் மற்றதைவிட 3 மில்லிமீற்றர் கூட என்றால் பாரத்தில் 240 கிலோ வித்தியாசம் வரும். பெரியது 2,620, சிறியது 2,380. தாங்கும். 6 மில்லிமீற்றர் என்றால் 2,740க்கு 2,260. பெரிய டயர் எல்லையைத் தொட்டுவிட்டது. 10 மில்லிமீற்றர் என்றால் 2,900க்கு 2,100. இப்போது பெரிய டயர் தனக்குச் சொல்லப்பட்டதைவிட 175 கிலோ கூடச் சுமக்கிறது. அதுவும் லொறியில் சட்டப்படி மட்டும் ஏற்றியிருந்தால்தான்.

9.00 அளவும் அதற்கு மேலும் உள்ள டயர்களுக்கு ஜோடியின் விட்டத்தில் அரை அங்குலம், அதாவது சுமார் 13 மில்லிமீற்றர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள விதி. 8.25 அளவுக்கும் அதற்குக் கீழும் கால் அங்குலம். பெரிய டயருக்கும் கால் அங்குலம்தான் என்று சொல்லும் உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள். அரை அங்குல விட்டம் என்றால் ஆரத்தில் ஆறரை மில்லிமீற்றர். மேலே போட்ட கணக்கும் அந்த இடத்தில்தான் எல்லையைத் தொடுகிறது. எங்கள் வெயிலுக்கும் எங்கள் ஏற்றத்துக்கும் கால் அங்குலத்தையே குறியாக வைக்கச் சொல்வேன். ஒரே வகை டயர் என்றால் அது டயர் முகத்துப் பள்ளத்தின் ஆழத்தில் 3 மில்லிமீற்றர் வித்தியாசம்.

இரண்டாவது அளவுகோல் டயரின் உள்கட்டு. ரேடியலும் நைலானும் ஒரே ஜோடியில் வரக்கூடாது. உயரம் ஒத்துப்போனாலும் ரேடியல் கூடுதலாக அமுங்கும், நைலான் விறைத்து நிற்கும். ஆகவே நைலானிலேயே பாரம் ஏறும். இதற்கு விதிவிலக்குத் தேட வேண்டாம்.

மூன்றாவது, இரண்டிலும் ஒரே காற்றை வைத்திருக்க முடியுமா என்பது. இது எல்லா வழிக்கும் பொது என்பதால் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். நான்காவது செலவு. சிட்டையில் உள்ள விலையோடு, கூடவே எந்த டயரின் ஆயுள் வீணாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## அளக்காமல் பேசிப் பயனில்லை

"ரெண்டும் பத்துக்கு இருபதுதானே" என்பது பொருத்தம் ஆகாது. ஒரே அளவு அச்சடித்த இரண்டு கம்பனி டயர்கள் புதிதாக இருக்கும்போதே விட்டத்தில் வித்தியாசப்படும். லக் டயரும் ரிப் டயரும் வித்தியாசப்படும். ஓடிய டயர் கொஞ்சம் விரிந்தும் இருக்கும்.

மிகச் சரியான அளவு சுற்றளவுதான். டயரை ரிம்மில் ஏற்றி, இரண்டுக்கும் ஒரே காற்றடித்து, நிலத்தில் படாமல் வைத்து, நடுத்தடத்தின் மேல் இரும்பு டேப்பைச் சுற்றுங்கள். டேப் ஓரத்துக்குச் சரியாமல் இருக்க ஒருவர் எதிர்ப்பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றளவு வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்ட வித்தியாசம் வரும். 20 மில்லிமீற்றர் சுற்றளவு வித்தியாசம் என்றால் விட்டத்தில் 6க்குச் சற்று மேல். அது நல்ல ஜோடி. 40ஐத் தாண்டினால் ஜோடி இல்லை.

புதிய டயர் என்றால் காற்றடித்த உடனே எடுக்கும் அளவை முழுதாக நம்ப வேண்டாம். ஒரு நாள் நிற்கும்போது அது இன்னும் சற்று விரியும். வேலை அவசரம் என்றால் உடனே அளந்து பூட்டுங்கள், ஆனால் எல்லையை ஒட்டி நிற்கும் ஜோடியை மறுநாள் திரும்பவும் அளக்க வேண்டும்.

லொறியில் பூட்டியிருக்கும்போது பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. அச்சை ஜாக்கில் தூக்கி, வளையாத நீளமான இரும்புச் சட்டம் ஒன்றை நான்கு டயர்களின் முகத்தின் மேலும் குறுக்காக வைத்தால், எந்த டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதோ அது சின்னது. அந்த இடைவெளியில் ஒரு அளவுகோலை விட்டுப் பாருங்கள். தெரிவது ஆரத்தின் வித்தியாசம், விட்டத்தின் வித்தியாசம் அதில் இரு மடங்கு. இந்த இடத்தில் பலர் பிழை விடுகிறார்கள். இடைவெளி 6 மில்லிமீற்றர் என்று பார்த்துவிட்டு "கால் அங்குலம்தானே, பரவாயில்லை" என்பார்கள். அது விட்டத்தில் அரை அங்குலம்.

## வழி ஒன்று: ஒரு புதிய டயர் மட்டும்

கையை விட்டுப் போகும் காசு குறைவு, வேலை உடனே முடியும். ஆனால் உதாரண லொறியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மணல் துறைக்கு இறங்கும் வழியில் வலப்பக்க வெளி டயர் வெட்டுப்பட்டுவிட்டது. உள் டயரில் 5 மில்லிமீற்றர் பள்ளம் மிச்சம். புதிய டயரில் 15. அதாவது ஆரத்தில் 10 மில்லிமீற்றர், விட்டத்தில் 20, சுற்றளவில் 63.

பாரத்தோடு போகும்போது புதியதில் 2,900 கிலோ. திரும்பி வெறும் லொறியாக வரும்போது நிலைமை இன்னும் மோசம். பின் அச்சில் 3,000 கிலோ மட்டும் இருந்தால் ஒரு ஜோடிக்கு 1,500. அதே கணக்கில் புதிய டயர் 1,150ஐத் தாங்க, பழையதில் 350தான் விழும். அழுத்திப் பிடிக்க எடை இல்லாமல் அது தெருவில் துள்ளியும் வழுக்கியும் வரும். பழைய டயரில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்மானம் தெரிந்தால் காரணத்தை இங்கே தேடலாம்.

உரசல் கணக்கும் சின்னது இல்லை. புதிய டயரின் சுற்றளவு 3,310 மில்லிமீற்றர் அளவில் வரும். அதில் 63 என்பது ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. கிலோமீற்றருக்கு 19 மீற்றர். திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர் என்றால், ஒரு வழிப் பயணத்தில் இரண்டு டயருக்கும் இடையில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஒத்துவராத ஓட்டம். ரப்பர் நெளிந்து அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதி தேய்மானமாகவும் சூடாகவும் டீசலாகவும் போகும்.

கிண்ணியாப் பக்கம் டிப்பர் ஓட்டும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டார்: "அண்ணன், உள்ளுக்கு ஆரும் பாக்கிறதில்லை. பழசை உள்ளுக்கே விட்டிட்டுப் புதுசை வெளியில போடுவம்."

"போடலாம் தம்பி. ஆனா எத்தினை மில்லி வித்தியாசம் எண்டு அளந்திட்டுப் போடுவம்."

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. வித்தியாசம் எல்லைக்குள் இருந்தால் சிறியது உள்ளேயும் பெரியது வெளியேயும் வர வேண்டும். பாரம் ஏறும்போது அச்சு நடுவில் சற்று வளைவதாலும், குறுகிய தெருக்களில் லொறி நடுமேட்டின் மேல் ஏறி ஓடுவதாலும் உள் டயர்களில் ஏற்கெனவே கூடுதல் பாரம் விழுகிறது. பிரேக் டிரம்மின் சூடும் அதற்குத்தான் படுகிறது. பெரியதை உள்ளே போட்டால் எல்லாச் சுமையும் ஒரே டயரில் சேரும். ஆனால் 10 மில்லிமீற்றர் வித்தியாசத்தை வெளியே போட்டும் சரிக்கட்ட முடியாது.

இன்னொரு யோசனையும் உண்டு: புதியதில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டும் ஒரே உயரம் ஆகிவிடுமே என்று. கணக்கைப் பாருங்கள். 10 மில்லிமீற்றர் கூடுதலாக அமுங்க வேண்டுமானால் 120 பிஎஸ்ஐயை 80 அளவுக்கு இறக்க வேண்டும். அந்தக் காற்றில் இந்த டயர் ஜோடியில் தாங்கக்கூடியது ஏறத்தாழ 2,100 கிலோதான். நீங்கள் கொடுப்பது 2,500. புதிய டயர் பக்கச்சுவர் நெளிந்து உள்ளே வெந்துபோகும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. இதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

இந்த வழி சரியாக வருவது ஒரே நிலையில்தான்: ஜோடியையே அண்மையில் வாங்கி, மிச்ச டயரில் 12 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இருக்கும்போது, அதே கம்பனி அதே வகை டயர் கிடைத்தால்.

## வழி இரண்டு: புதிய ஜோடி

பொருத்தத்தைப் பற்றிய கவலை அந்த ஜோடிக்குப் போய்விடும். பழைய டயரை ஸ்பெயராக வைக்கலாம், அல்லது அதன் உயரத்துக்கு ஒத்த இன்னொன்று வரும்வரை எடுத்து வைக்கலாம். செலவு இரு மடங்கு போலத் தெரிந்தாலும் பழைய டயரின் ஆயுள் இங்கே அழியவில்லை, தள்ளிப்போகிறது. முதல் வழியில் அது உரசியே தீர்ந்துவிடும், கூடவே புதியதையும் கெடுக்கும்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. வலப்பக்கம் இரண்டும் புதிது, இடப்பக்கம் இரண்டும் பாதி என்றால் நேரான தெருவிலும் டிஃபரன்ஷலுக்கு ஓயாத வேலை. ஆறு சில்லு லொறியில் இது டயருக்குப் பெரிய கேடு இல்லை, ஆனாலும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் புதிய ஜோடியை வாங்கி அப்படியே நெடுநாள் விடாமல் மற்றப் பக்கத்துக்கும் விரைவில் மாற்றத் திட்டமிடுங்கள். பத்துச் சில்லு லொறியில் இரண்டு பின் அச்சுகளும் சேர்ந்து இழுப்பதால் அச்சுக்கு அச்சும் உயரம் ஒத்துவர வேண்டும். அங்கே ஒரு ஜோடியை மட்டும் புதிதாக்குவதை நான் விரும்பமாட்டேன்.

மிச்ச டயரில் 4, 5 மில்லிமீற்றர்தான் பள்ளம் என்றால், லொறி நெடுந்தூரம் பாரத்தோடு ஓடுவது என்றால், இதுதான் வழி.

## வழி மூன்று: அளவு பார்த்த பழைய டயர், அல்லது ரீபில்ட்

மிச்ச டயர் பாதி ஆயுளில் நிற்கும்போது காசுக்கு மிகவும் நியாயமான வழி இது. அந்த டயரின் சுற்றளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அதோடு 20 மில்லிமீற்றருக்குள் வரும் டயரைத் தேடுவது. கடைக்காரர் "பாதி டயர்" என்று கொடுப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது. அதை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து டேப் போட விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம்.

பழைய டயரில் பள்ளத்தின் ஆழத்தைவிட உட்பக்கம்தான் முக்கியம். காற்றுக் குறைந்து ஓடிய டயரின் உட்சுவரில் சுற்றிவரச் சுருக்கமோ நிறம் மாறிய பட்டையோ இருக்கும், கையால் தடவினால் ரப்பர் பொடி ஒட்டும். அப்படி ஒன்று கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இரும்புக் கம்பிச் சுவர் உள்ள ரேடியல் அப்படி ஓடியிருந்தால் திரும்பக் காற்றடிக்கும்போதே பக்கச்சுவர் நீளமாகக் கிழிந்து வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரின் உயிர் போகும்.

ரீபில்ட் டயருக்கு வேறு கணக்கு. ஒரு ரீபில்ட்டை அரைத் தேய்ந்த டயரோடு சேர்ப்பது முதல் வழியின் தவறையே திரும்பச் செய்வது, ஏனென்றால் புதிய முகம் போட்டதும் அது உயர்ந்துவிடும். ரீபில்ட் நன்றாக வருவது இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போதுதான்: ஒரே அளவு, ஒரே கம்பனியின் இரண்டு பழைய கேசிங்கைக் கொடுத்து, ஒரே முகம் போடச் சொல்லி, வந்ததும் இரண்டையும் டேப் போட்டுப் பார்ப்பது. புதிய ஜோடியைவிட நன்றாகவே மலிவு. ஆனால் வேலை முடிந்து வரும்வரை நாட்கள் போகும், அதுவரை ஓட இன்னொரு ஜோடி கையில் இருக்க வேண்டும். முன் சில்லுக்கு ரீபில்ட் போடாதீர்கள்.

இந்த வழியில் மறைந்திருப்பது நேரச் செலவு. திருகோணமலையில் அன்றே பொருத்தமான பழைய டயர் கிடைக்கும் என்று நம்பி லொறியை நிறுத்த முடியாது. ஆகவே இரண்டு மூன்று லொறி வைத்திருப்பவர்களுக்கே இது நன்றாகப் பலிக்கும். கழற்றிய ஒவ்வொரு டயரிலும் சுற்றளவைச் சோக்கால் எழுதி அடுக்கி வைத்திருந்தால், தேவை வரும்போது ஒத்த டயர் சொந்த முற்றத்திலேயே இருக்கும்.

## வழி நான்கு: முன் ஜோடியைப் பின்னுக்கு மாற்றுவது

பலருக்குத் தோன்றாத வழி, ஒரு லொறி வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்லும் வழியும் இதுதான். புதிய டயர் இரண்டு வாங்கி முன்னுக்குப் போடுங்கள். முன்னால் ஓடிய இரண்டையும் பின் ஜோடியாக்குங்கள். மிச்சம் நின்ற பழைய டயர் ஸ்பெயர்.

இதன் பலம் என்னவென்றால், முன் டயர் இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கி, ஒரே தூரம் ஓடி, ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தவை. சந்தையில் தேடினாலும் இப்படிப்பட்ட இரட்டையர் கிடைப்பது அரிது. முன் சில்லுக்குப் புதிய டயர் வருவதால் ஸ்டியரிங்குக்கும் நல்லது. பின்னுக்குப் போகும் முன் டயர்கள் அரைவாசியில் நின்றால் இடப்பக்கப் பின் ஜோடியின் உயரத்துக்கும் கிட்ட வரும், ஆகவே டிஃபரன்ஷல் சிக்கலும் குறையும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. சில லொறிகளில் முன் டயர் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கும், அது அலைன்மென்ட் கோளாறு. அப்படியானால் நடுத்தடத்தை மட்டும் அளந்தால் போதாது, ஓரத்தையும் அளக்க வேண்டும். கோளாறைத் திருத்தாமல் முன்னுக்குப் புதியதைப் போடவும் கூடாது. மற்றது, முன் டயர் ரிப் வகை என்றால் மணலிலும் சேற்றிலும் இழுவை குறையும். கிண்ணியாவில் ஆற்றங்கரைக்கு இறங்கும் டிப்பருக்கு வலப்பக்கம் ரிப்பும் இடப்பக்கம் லக்கும் சரிவராது. சீமெந்து ஏற்றி நல்ல தெருவில் மட்டும் ஓடும் லொறிக்கு அது பிரச்சினை இல்லை.

முன் டயர்களில் மிச்ச ஆயுள் குறைவாக இருந்து எப்படியும் இன்னும் சில மாதத்தில் மாற்ற வேண்டும் என்றால் யோசிக்காமல் இந்த வழியையே எடுங்கள். முன் டயர்கள் இப்போதுதான் போட்டவை என்றால் இந்த வழிக்குத் தேவையில்லை, வழி இரண்டுக்குப் போங்கள்.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்:

| வழி | உயரப் பொருத்தம் | இன்றைய செலவு | பிறகு வரும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| ஒரு புதிய டயர் | பெரும்பாலும் பொருந்தாது | ஒரு புதிய டயர் | இரண்டு டயரின் ஆயுளும் | மிச்ச டயரும் ஏறத்தாழ புதிதாக இருந்தால் |
| புதிய ஜோடி | மிக நன்று | இரண்டு புதிய டயர் | மற்றப் பக்கத்தையும் மாற்ற வேண்டிவரும் | மிச்ச டயர் கடைசி நிலையில், நெடுந்தூர ஓட்டம் |
| பழையது / ரீபில்ட் ஜோடி | அளந்தால் நன்று | குறைவு | தேடும் நேரம், கேசிங் மோசமாக இருக்கும் அபாயம் | மிச்ச டயர் பாதியில், கையிருப்பு உள்ளவருக்கு |
| முன் ஜோடி பின்னுக்கு | நன்று | இரண்டு புதிய டயர் | ரிப் டயரில் இழுவைக் குறைவு | முன் டயர் அரைவாசியில், தார் ரோட்டு ஓட்டம் |

## காற்று: எந்த வழியையும் கெடுக்கும் விஷயம்

ஜோடியை மில்லிமீற்றர் பார்த்துப் போட்டுவிட்டு உள் டயரின் காற்றைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். அதே உதாரண லொறியில் வெளியே 120, உள்ளே 95 என்று வைப்போம். உள் டயரின் விறைப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். வெளி டயரில் 2,700 கிலோ வரும், அதன் முழு எல்லை. உள்ளே இன்னும் கசிந்து 60 ஆனால் வெளி டயரில் 3,000ஐத் தாண்டும். உள் டயரில் 1,900 போலத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காற்றுக்கு அதுவே அதிகம். முதலில் வெடிப்பது பல நேரம் காற்றுச் சரியாக இருந்த வெளி டயர். சாரதி அந்த டயரைக் குறை சொல்வார், குற்றவாளி உள்ளே இருக்கும்.

ஜோடிக்குள் 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. காலையில் லொறியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜால் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிக் கேட்டால் முழுதாக இறங்கிய டயர் தெரியும், 120க்கும் 95க்கும் வித்தியாசம் தெரியாது. கந்தளாய் தாண்டி வெயிலில் நிறுத்திப் பார்த்தால் 120 வைத்த டயர் 130ஐத் தாண்டிக் காட்டும். அது சூட்டால் வந்த ஏற்றம். அதைக் கூடிவிட்டது என்று இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். வழியில் நிறுத்தும்போது கேஜைவிடக் கை உதவும். ஜோடியில் ஒரு டயர் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், ஒன்றில் அதில் காற்றுக் குறைவு, அல்லது அது பக்கத்து டயரின் பாரத்தையும் சுமக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள் டயரைப் பார்க்காமல் விடுவதற்குச் சோம்பலைவிட வால்வு எட்டாததே பெரிய காரணம். பூட்டும்போதே இரண்டு வால்வும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக, ரிம்மின் துளைகளில் வருமாறு வைக்கச் சொல்லுங்கள். மணல் டிப்பருக்கு நான் சொல்வது இதோடு, அசையாமல் பிடித்து வைத்த உலோக நீட்டிப்புக் குழாய் ஒன்று. வளையும் ரப்பர் குழாய் மலிவு, ஆனால் ஆடி ஆடி இணைப்புத் தளர்ந்து அதுவே கசிவாகிவிடும், இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டினால் அறுந்தும் போகும். இரண்டு வால்வையும் சேர்த்துக் காற்றைச் சமப்படுத்தும் ஈக்வலைசர் என்ற கருவியும் உண்டு. ஒரே இடத்தில் அடித்தால் இரண்டுக்கும் போகும், ஒன்று பஞ்சரானால் வால்வு மூடி மற்றதைக் காப்பாற்றும். தார் ரோட்டில் கொழும்புக்கு ஓடும் லொறிக்கு அது காசுக்குத் தகும். ஆனால் அது காற்றை மட்டுமே சமப்படுத்தும். 10 மில்லிமீற்றர் உயர வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

120 வைத்த டயர் 96க்குக் கீழே, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்த நிலையில் ஓடியிருந்தால், அதற்கு அப்படியே காற்றடித்துவிட்டுப் போக வேண்டாம். கழற்றி உட்சுவரைப் பார்த்த பிறகு, இரும்புக் கூட்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், தூர நின்று அடிக்கச் சொல்லுங்கள். கூடு இல்லாத கடையில் அந்த டயரை ஏற்ற வேண்டாம்.

## பூட்டிய பிறகு

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் ஓட்டம் முடிந்ததும் நட் எல்லாவற்றையும் திரும்ப முடுக்க வேண்டும். ரிம்மும் ஹப்பும் பாரத்தில் உட்காரும்போது நட் தளரும். 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் செய்தால் நல்லது, அதாவது கொழும்புக்குப் போகிறவர் ஹபரணையில் தேத்தண்ணி குடிக்கும் நிறுத்தத்தில். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் நான்கு பின் டயரின் காற்றையும் பார்த்துச் சமப்படுத்துங்கள். புதியது ஏதாவது இருந்தால் அன்றே ஜாக் அடித்து இரும்புச் சட்டத்தை இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டயரின் சுற்றளவையும் பூட்டிய திகதியையும் லொறிக் கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த தடவை ஒன்று வெட்டுப்படும்போது எந்த டயருக்கு எது ஜோடி என்பதைக் கொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.